ஜி.டி. மதிப்பெண் தாளில் அம்புக்குறி எதற்கு?

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்குக் கீழே பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: "அண்ணா, குரூப் டிஸ்கஷனில் நன்றாகத்தான் பேசினேன், ஏன் வெளியே அனுப்பினார்கள்?" கேம்பஸ் தேர்வுக்காக ஜி.டி. பேனலில் சில முறை உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என் கையில் இருந்த தாளில் என்ன எழுதினேன் என்று இன்று சொல்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி தாள் மாறும். ஆனால் விஷய ஞானம், கேட்கும் திறன், தலைமைப் பண்பு என்ற மூன்றும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும்.

தாளில் முதலில் ஒரு வட்டம் போடுவேன். எட்டுப் பேர் என்றால் எட்டு எண்கள். புதிதாக ஒரு விஷயம் சொன்னால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அடுத்தவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசினால், இவரிடமிருந்து அவருக்கு ஓர் அம்பு. குறுக்கே விழுந்து பேச்சைப் பிடுங்கினால் பெருக்கல் குறி. எத்தனை முறை வாயைத் திறந்தார்கள் என்பதை நான் எண்ணியதே இல்லை.

ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். தலைப்பு, கல்லூரியில் 75 சதவீத வருகைப்பதிவு கட்டாயமாக இருக்க வேண்டுமா என்பது. யோசிக்க இரண்டு நிமிடம், பேச 15 நிமிடம். கணக்குப் போட்டால் ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூட வராது. அரை அரை நிமிடமாக மூன்று நான்கு முறை பேசினாலே உங்கள் பங்கு முடிந்துவிடும்.

மூன்றாம் எண் பையன்தான் ஆரம்பித்தான். "வணக்கம் நண்பர்களே, இன்றைய தலைப்பு மிக முக்கியமானது" என்று தொடங்கி 40 விநாடி பேசினான். என் தாளில் ஒரு புள்ளிகூட விழவில்லை. முதலில் பேசுகிறவருக்குத் தனி மதிப்பெண் உண்டு என்று யாரோ இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தலைப்பை இரண்டாகப் பிரித்துக் காட்டித் தொடங்கியிருந்தால் உண்டு. வெறுமனே வரவேற்புரை வாசித்தால் கிடையாது.

அப்புறம் இரண்டாம் எண், "கட்டாயம் இல்லாவிட்டால் பலர் வரவே மாட்டார்கள்" என்றான். ஐந்தாம் எண் பெண், "பகுதி நேர வேலை பார்த்துப் படிக்கிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்" என்றாள். உடனே நான்காம் எண், "நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஆனால்..." என்று ஆரம்பித்து, ஏற்கெனவே தான் சொன்ன ஒழுக்கக் கதையையே திரும்பச் சொன்னான். இங்கே கவனியுங்கள். "ஏற்கிறேன்" என்ற சொல்லுக்கு மதிப்பெண் இல்லை. அதற்கு அடுத்த வாக்கியத்தில் பகுதி நேர வேலை பற்றி ஏதாவது வருகிறதா என்றுதான் பார்ப்போம். வரவில்லை, அதனால் அம்பும் இல்லை. கேட்கும் திறனை நாங்கள் அளப்பது இந்த ஓர் இடத்தில்தான். தலையாட்டுவதும் சிரிப்பதும் நல்ல பழக்கம், அவ்வளவே.

ஆறாவது நிமிடத்தில் சந்தைக்கடை ஆகிவிட்டது. நான்கு பேர் ஒரே நேரத்தில். அதுவரை ஒரே ஒரு முறை பேசியிருந்த ஆறாம் எண் பெண், ஒருவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நுழைந்தாள். குரலை உயர்த்தவில்லை. "இரண்டாம் எண் சொல்வது ஆய்வகத்துக்குப் பொருந்தும், ஐந்தாம் எண் சொல்வது தியரி வகுப்புக்குப் பொருந்தும். ஆய்வகத்துக்கு மட்டும் கட்டாயம் என்று வைத்தால் என்ன சிக்கல் வரும்?" என்றாள். ஒரே மூச்சில் இரண்டு அம்பு, ஒரு புள்ளி. அடுத்த நான்கு நிமிடம் எல்லோரும் அந்தக் கேள்வியைத்தான் பேசினார்கள். தலைமை என்று நாங்கள் எழுதுவது இதைத்தான்: பேச்சு உங்களால் திசை மாறியதா? "எல்லோரும் அமைதியாக இருங்கள்" என்று போலீஸ் வேலை பார்த்தால் பேச்சு எங்கேயும் நகராது.

இன்னொரு வேடிக்கை. பேசாமல் இருப்பவரைப் பார்த்து, "எட்டாம் எண், நீங்களும் சொல்லுங்களேன்" என்று இழுப்பது. பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள் போல. அன்று நான்காம் எண் அதைச் செய்தான், எட்டாம் எண் பாவம் விழித்தான். அவன் ஏதோ சொல்ல இரண்டு முறை முயன்றதைக் கவனித்து வழிவிட்டிருந்தால் அது மரியாதை. சும்மா சுட்டிக்காட்டுவது மாட்டிவிடுவதுதான்.

முடிவில் பத்துக்கு என் மதிப்பெண்கள், விஷயம், கேட்டல், தலைமை என்ற வரிசையில்: ஆறாம் எண்ணுக்கு 7, 9, 8. நான்காம் எண்ணுக்கு 5, 2, 3, இத்தனைக்கும் அதிகம் பேசியவன் அவன்தான். நாங்கள் இருவர் தனித்தனியாகப் போட்டு, பிறகு ஒப்பிடுவோம். எட்டாம் எண்ணில்தான் முட்டிக்கொண்டோம். கேட்டலில் நான் 4 போட்டிருந்தேன், பக்கத்தில் இருந்தவர் 7. ஏன் சார் என்று கேட்டேன். "கடைசியில் மூன்றாம் எண் தொகுத்துச் சொன்னபோது, பகுதி நேர வேலை விஷயத்தை விட்டுவிட்டான். 'ஐந்தாம் எண் சொன்னது விட்டுப்போச்சு' என்று மெதுவாகச் சொன்னது யார்?" என்றார். எட்டாம் எண்தான். அந்த நேரத்தில் நான் குனிந்து கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன். என் 4-ஐ அடித்துவிட்டு 7 எழுதினேன்.