"48 வேலை மணி நேரத்தில் பணம் வரும்" என்றால் எந்தக் கிழமை?

[திரையில் மெசேஜ்: "தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் செட்டில்மெண்ட் தாமதமாகிறது. 48 வேலை மணி நேரத்தில் தொகை அனுப்பப்படும்."]

செட்டில்மெண்ட் என்றால், வாடிக்கையாளர் ஆன்லைனில் கட்டிய பணத்தைப் பேமெண்ட் கம்பெனி கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புவது. திங்கள் 12ஆம் தேதி மாலை 6 மணிக்கு அந்தக் கம்பெனியிடமிருந்து இந்த மெசேஜ் ஒரு கடைக்காரருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் எப்போது வரும்? புதன் மாலை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். ஆனால் ஒரு நாளுக்கு 8 மணி நேரம் வேலை என்று கணக்குப் போடுங்கள். 48 மணி நேரம் என்பது ஆறு வேலை நாள்! நடுவில் ஞாயிறு வேறு. அடுத்த திங்கள், 19ஆம் தேதி மாலை வந்து நிற்கிறது. புதனா, 19ஆ? சரக்குக்காரருக்கு எந்தத் தேதியில் செக் கொடுப்பார், பாவம்?

அடுத்த வில்லன், "அனுப்பப்படும்". அனுப்புவது வேறு, கணக்கில் விழுவது வேறு. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும். அந்தத் தொகுப்பு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் வாங்கும் வங்கி வரவு வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக மதியம் 12 மணிக்கு அனுப்பினால், கொஞ்சம் தாராளமாகவே "4 மணிக்குள் வந்து சேரும்" என்று எழுதிவிடலாம். கடைக்காரருக்கு வேண்டியது அந்த 4 மணிதான்.

பின்னணி ஒரே மூச்சில்: வியாழன் 8ஆம் தேதி விற்பனை, வழக்கமாக இரண்டு வேலை நாளில் செட்டில்மெண்ட். 10ஆம் தேதி இரண்டாம் சனி, 11 ஞாயிறு, அதனால் திங்கள் வந்திருக்க வேண்டும். வங்கியின் கணக்குக் கோப்பு பேமெண்ட் கம்பெனியின் பதிவோடு ஒத்துப்போகவில்லை, பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான்.

சரி, திருத்தி எழுதுவோம்.

[திரையில்: "8ஆம் தேதி (வியாழன்) விற்பனைப் பணம் இன்று உங்கள் கணக்கில் வந்திருக்க வேண்டும், வரவில்லை, மன்னிக்கவும். வங்கி அனுப்பிய கணக்கில் சில பரிவர்த்தனைகள் விடுபட்டிருந்ததால், சரிபார்க்கும் வரை நிறுத்திவைத்தோம். உங்கள் பணம் வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் இருக்கிறது. நாளை, 13ஆம் தேதி செவ்வாய், மாலை 4 மணிக்குள் வந்து சேரும். 9ஆம் தேதி விற்பனைப் பணமும் வழக்கம்போல் நாளையே வரும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். வாடிக்கையாளரிடம் மறுபடி பணம் வாங்க வேண்டாம்."]

அந்தக் கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். பணம் வரவில்லை என்றதும் பேமெண்டே தோல்வி என்று நினைத்து இரண்டாம் முறை வாங்கிவிடுவார்கள், அப்புறம் ரீஃபண்ட் தலைவலி. எஸ்க்ரோ வரியும் அப்படித்தான். எஸ்க்ரோ என்பது கம்பெனி தன் செலவுக்கு எடுக்க முடியாத தனி வங்கிக் கணக்கு. "கம்பெனி ஓடிப்போச்சா?" என்ற பயத்துக்கு அதுதான் பதில்.

பணம் போனதும் இன்னொரு மெசேஜ், அந்தப் பரிமாற்றத்துக்கே உரிய அடையாள எண்ணான யுடிஆர் எண்ணோடு. 4 மணி தாண்டியும் வரவு இல்லையென்றால், அந்த எண்ணைக் காட்டித்தான் கடைக்காரர் தன் வங்கியில் தேடச் சொல்ல முடியும்.

உங்களுக்கு வந்த "விரைவில்" மெசேஜ் இருக்கிறதா? கம்பெனி பெயரை மறைத்துவிட்டு கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் பிரித்து மேய்வோம்.