அப்பத்தாவுக்குச் சத்து பவுடர் வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்கு

[காட்சி: பாம்பன் பக்கத்து வீடு ஒன்றின் சமையல்கட்டு. அலமாரியில் பாதி காலியான சத்து பவுடர் டின். ஒரு கை அதிலிருந்து இரண்டு டீஸ்பூன் எடுத்துக் காபியில் கலக்கிறது.]

குரல்:

இந்த இரண்டு டீஸ்பூனில் எவ்வளவு சத்து இருக்கிறது? சுமார் 35 கலோரி, ஒரு கிராமுக்குச் சற்று மேல் புரதம். ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் இதே அளவு கலோரி கிடைத்துவிடும்.

டின்னின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான டின்களில் ஒரு வேளைக்கு 50 முதல் 55 கிராம் பவுடரை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கச் சொல்லியிருப்பார்கள். டின்னுக்குள் கிடக்கும் அளவுக் கரண்டியில் அது பல கரண்டி வரும். அப்படிக் கலந்தால்தான் 230, 240 கலோரியும் 9 கிராம் அளவுக்குப் புரதமும் கிடைக்கும். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் என்றால் 400 கிராம் டின் நான்கு நாள்கூட வராது. மாதத்துக்கு எட்டு டின் ஆகும். நம் வீடுகளில் ஒரு டின்னை ஒரு மாதம் ஓட்டுகிறோம். அப்புறம் 'டின் டின்னாக வாங்கிக் கொடுத்தோம், உடம்பே தேறவில்லை' என்கிறோம்.

அதனால் டின்னைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைப்போம். அப்பத்தாவுக்கு எவ்வளவு குறைகிறது என்று முதலில் பார்ப்போம்.

[காட்சி: வயதான பெண்மணியின் கால். கெண்டைக்காலின் தடித்த இடத்தைச் சுற்றித் தையல்காரர் டேப்.]

ஓர் உதாரணம். அப்பத்தாவுக்கு 74 வயது, உயரம் 148 சென்டிமீட்டர். மூன்று மாதத்துக்கு முன் 46 கிலோ இருந்தார், இப்போது 42. நான்கு கிலோதானே என்று தோன்றும். ஆனால் அது அவர் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம். பட்டினி கிடக்காமல், இளைக்க வேண்டும் என்று நினைக்காமல், மூன்று மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே அது கவனிக்க வேண்டிய இழப்பு. வீட்டில் எடை மெஷின் இல்லையென்றால் கெண்டைக்காலை அளந்து பாருங்கள். சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை கரைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். காலில் நீர் கோத்து வீங்கியிருந்தால் மட்டும் இந்த அளவையும் எடையையும் நம்ப முடியாது. உடம்பு இளைத்திருப்பதை அந்த நீர் மறைத்துவிடும்.

எடை ஏன் குறைந்தது என்பதையும் கேட்க வேண்டும். பல்செட் தளர்ந்திருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், மாத்திரை பசியை அடக்கியிருக்கலாம், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் இருக்கலாம், தாத்தா போன பிறகு தனியாகச் சாப்பிடப் பிடிக்காமலும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோயைப் பவுடரால் குணப்படுத்த முடியாது.

[காட்சி: தரையில் ஒரு நாள் சாப்பாடு வரிசையாக. காபி, கஞ்சி டம்ளர், பாதித் தட்டு சோறும் குழம்பும், டீ, இரண்டு இட்லி.]

இப்போது அப்பத்தாவின் ஒரு நாள் சாப்பாடு. காலையில் காபியும் இரண்டு பிஸ்கட்டும். ஒன்பதரைக்கு ஒரு டம்ளர் கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல். மதியம் கொஞ்சம் சோறு, மீன் குழம்பு. சாயங்காலம் டீ. ராத்திரி இரண்டு இட்லி, சாம்பார். மருமகளைக் கேட்டால், "அத்தை அஞ்சு வேளை சாப்பிடுறாங்க" என்பார். அது உண்மைதான். ஆனால் கூட்டிப் பார்த்தால் 760 கலோரி, 18 கிராம் புரதம்.

வயதானவர்களுக்குப் பொதுவாக எடையில் ஒரு கிலோவுக்கு 30 கலோரி என்று கணக்கு வைப்பார்கள். புரதம் கிலோவுக்குக் குறைந்தது 1 கிராம், நோயிலோ இளைப்பிலோ இருந்தால் 1.2 முதல் 1.5 வரை. அப்பத்தா இளைத்திருப்பதால் 1.2 என்று வைத்தால், 42 கிலோவுக்கு 1,260 கலோரி, 50 கிராம் புரதம் வருகிறது. ஆக, 500 கலோரியும் 32 கிராம் புரதமும் குறைகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண பவுடரைச் சரியான அளவில் இரண்டு டம்ளர் கொடுத்தாலும் கலோரிக் குறை ஏறக்குறைய அடைபடும், புரதக் குறை பாதிதான் அடைபடும்.

[காட்சி: மீன் குழம்புத் தட்டு. மீன் துண்டு தட்டோரத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறது.]

தட்டில் தப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மீன் பிடிக்கும் ஊரில் அப்பத்தா சாப்பிடுவது குழம்பை மட்டும். பல் இல்லை, முள்ளுக்குப் பயம், துண்டை அப்படியே பேரனுக்குத் தள்ளிவிடுகிறார். குழம்பில் புளியும் மிளகாயும் இருக்கின்றன, புரதம் துண்டில் இருக்கிறது.

இதற்கு வழி நம் கரையிலேயே இருக்கிறது: சுறாப்புட்டு. மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, சின்ன வெங்காயம் பூண்டோடு வதக்குவது. சுறா கிடைக்காவிட்டால் பாறையோ சீலாவோ வாங்கி, வேகவைத்து முள் எடுத்து அதே மாதிரி செய்யலாம். மிளகாயைக் குறைத்துவிட்டு எண்ணெயை இரண்டு டீஸ்பூன் கூட்டுங்கள். ஒரு கைப்பிடிப் புட்டு, அதாவது 75 கிராம் மீன், 15 கிராம் புரதமும் எண்ணெயோடு 170 கலோரியும் தரும்.

அடுத்தது கஞ்சி. ஒரு டம்ளர் கஞ்சியில் 30 கிராம் அரிசிதான் இருக்கும், மீதியெல்லாம் தண்ணீர். வயிறு நிறைகிறது, உடம்புக்கு ஒன்றும் சேரவில்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர்களுக்கு இதன் வைத்தியம் தெரியும். அரிசியோடு சிறுபருப்பு போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். அப்பத்தாவின் டம்ளருக்கு 30 கிராம் சிறுபருப்பும் இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்த்தால் 165 கலோரியும் 7 கிராம் புரதமும் கூடும். டம்ளரின் அளவு மாறவில்லை, இதுதான் முக்கியம். பசியில்லாதவரிடம் 'இன்னும் கொஞ்சம்' என்று மல்லுக்கு நிற்பதைவிட, அவர் சாப்பிடும் அதே அளவுக்குள் சத்தை ஏற்றுவது எளிது.

சாயங்காலம் டீக்குப் பதில் பால் கொடுத்து அதில் 20 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைக்கலாம். டீக்கடைகளில் போடும் வெள்ளைப் பவுடர் வேறு, அதில் சர்க்கரை அதிகம். ராத்திரி இட்லியோடு ஒரு முட்டை.

[திரையில்: புட்டு 15, கஞ்சி 7, பால் பவுடர் 7, முட்டை 6. மொத்தம் 35 கிராம் புரதம், சுமார் 480 கலோரி.]

குறை அடைபட்டுவிட்டது, டின் இல்லாமலே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். அப்போது இரண்டு முட்டையும் பருப்பும் தயிருமாக மாற்றிக்கொள்ளலாம். கருவாடு வேண்டாமா என்று கேட்பீர்கள். புரதம் நிறைய உண்டு, உப்பும் நிறைய உண்டு. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருக்கும் முதியவருக்கு அது சரிப்படாது.

[காட்சி: மருத்துவமனைக் கட்டில். பக்கத்து மேசையில் 200 மில்லி பாட்டில்.]

இனி டின்னின் முறை. அதே அப்பத்தா முற்றத்தில் வழுக்கி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது, ஆபரேஷன் ஆகிறது. தேவை கூடிவிட்டது, சாப்பாடோ பாதியாகிவிட்டது. புட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். இந்த இடத்தில்தான் சத்து பானம் தன் வேலையைச் செய்யும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2009-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 62 ஆய்வுகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. கூடுதல் சத்து கொடுக்கப்பட்டவர்களின் எடை சராசரியாக 2 சதவீதம் போலக் கூடியிருந்தது. இறப்பு குறைந்ததற்கான அறிகுறி தெரிந்தது ஏற்கெனவே சத்துக்குறைவில் இருந்தவர்களிடம் மட்டும்தான். நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று வாங்கிக் கொடுப்பது என் பார்வையில் காசுக்குக் கேடு.

கொடுப்பதென்றால் சரியாகக் கொடுப்போம். ஐரோப்பிய முதியோர் ஊட்டச்சத்து வழிகாட்டியின்படி பானத்திலிருந்து மட்டும் நாளைக்குக் குறைந்தது 400 கலோரியும் 30 கிராம் புரதமும் வர வேண்டும், குறைந்தது ஒரு மாதமாவது தொடர வேண்டும். அதனால் அதிகப் புரதம் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். வெறும் புரத பவுடர் வேறு, கலோரியும் வைட்டமினும் சேர்ந்த முழுச் சத்து பானம் வேறு, லேபிளைப் பார்த்தால் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் கொடுக்காதீர்கள். முழு டம்ளரை ஒன்பது மணிக்குக் குடித்தவர் கஞ்சியைத் தொடமாட்டார், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதைதான். இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில், படுக்கப் போகும் முன், மாத்திரையோடு 50 மில்லி என்று பிரித்துக் கொடுங்கள். குளிரவைத்தால் அந்த மருந்து வாசனை குறையும். கலந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் மேசைமேல் வைத்து மத்தியானம் வரை ஓட்டக் கூடாது. வேகமாகக் குடித்தால் வயிற்றுப்போக்கு வரலாம். அப்போது நிறுத்த வேண்டாம், அளவைக் குறைத்து மெதுவாகக் கூட்டுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் எழுந்து நிற்கும் பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். படுத்தே இருந்தால் கொடுத்த புரதம் தசையாகச் சேர்வது கஷ்டம்.

[காட்சி: டம்ளரை வாயில் வைத்ததும் இருமும் முதியவர்.]

இப்படிக் குடிக்கும்போதெல்லாம் இருமினாலோ, குடித்தபின் குரல் கரகரத்தாலோ நிறுத்திவிடுங்கள். பக்கவாதம், நடுக்குவாதம் வந்தவர்களுக்குத் தண்ணீர் போன்ற பானம் நுரையீரலுக்குப் போய்விடலாம். அதற்கு விழுங்கும் பரிசோதனை தேவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரத அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு அதற்கென்று உள்ள வகையைக் கொடுத்து, முதல் வாரம் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். ஒரு வாரம் பத்து நாள் எதுவுமே சாப்பிடாமல் கிடந்தவருக்கு வீட்டில் திடீரென்று நிறையக் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சடாரென்று இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். அவரை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

[காட்சி: எடை மெஷின், பக்கத்தில் காலண்டர்.]

ஒரே மெஷினில், காலையில், வாரம் ஒரு முறை எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் எடை ஏறத் தொடங்கி, சாப்பாடும் பழையபடி திரும்பினால் இரண்டு வேளையை ஒரு வேளையாக்கி, அப்புறம் நிறுத்திவிடலாம். முழு அளவும் உள்ளே போயும் எடை இறங்கிக்கொண்டே இருந்தால் வேறு டின் தேடி மெடிக்கலுக்குப் போகாதீர்கள். அந்தக் காலண்டரை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், தைராய்டு, சர்க்கரை, காசநோய், புற்றுநோய் இவற்றில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.