முக்கோணத்தில் சாய்ந்து ஓடும் கோடு

அவையோருக்கு வணக்கம். சந்தா வணிகத்தில் இருப்பவர்கள் மாதந்தோறும் பார்க்கும் கோஹார்ட் ஹீட்மேப்பில், பலரும் பார்க்கத் தவறும் ஒரு திசையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களை ஒரு குழுவாகக் கொண்டு, அவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அடுத்தடுத்த மாதங்களில் பணம் கட்டினார்கள் என்பதை ஒரு வரிசையில் எழுதி, எண் கூடக் கூடக் கட்டத்துக்கு அடர்ந்த நிறம் தருகிறோம். பிந்திச் சேர்ந்த குழுவுக்குக் கடந்த மாதங்கள் குறைவு என்பதால் வரிசைகள் கீழே போகப் போகக் குறுகி, அட்டவணை முக்கோணமாகிறது. இடமிருந்து வலமாகப் படித்தால் ஒரு குழு எப்படித் தேய்கிறது என்று தெரியும். மேலிருந்து கீழாகப் படித்தால், ஒரே வயதில், அதாவது சேர்ந்து அதே எண்ணிக்கையிலான மாதங்கள் ஆனபோது, வெவ்வேறு குழுக்கள் எப்படி இருந்தன என்று தெரியும். மூன்றாவது திசை, கீழ் இடமிருந்து மேல் வலமாக ஏறும் சாய்கோடு. அந்தக் கோட்டில் உள்ள கட்டங்கள் அனைத்தும் நாட்காட்டியில் ஒரே மாதத்தைச் சேர்ந்தவை.

இந்தியாவில் அந்தச் சாய்கோடு தெளிவாக எழக் காரணம் இருந்த மாதம் 2021 அக்டோபர். கார்டில் தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கி வகுத்த புதிய விதி அம்மாதம் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. கூடுதல் சரிபார்ப்புடன் புதிய முறைப்படி பதிவு செய்யப்படாத பழைய ஒப்புதல்களின் பேரில் பணம் எடுக்க முயன்றபோது வங்கிகள் மறுத்தன. மாதச் சந்தா வாங்கும் ஒரு நிறுவனம் அந்த டிசம்பர் தொடக்கத்தில் தன் முக்கோணத்தைத் திறந்ததாக வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. தலைப்பில் உள்ள 0 சேர்ந்த மாதம், 1 அதற்கு அடுத்த மாதம்.

| சேர்ந்த மாதம் | 0 | 1 | 2 | 3 | 4 | 5 |
|---|---|---|---|---|---|---|
| ஜூன் | 100 | 80 | 70 | 64 | 48 | 46 |
| ஜூலை | 100 | 81 | 71 | 52 | 49 | |
| ஆகஸ்ட் | 100 | 79 | 55 | 50 | | |
| செப்டம்பர் | 100 | 64 | 56 | | | |
| அக்டோபர் | 100 | 80 | | | | |

முதல் மாதப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள்: 80, 81, 79, 64, 80. இதைப் பார்த்த எவருக்கும் செப்டம்பரில் சேர்ந்தவர்கள் தரம் குறைந்தவர்கள் என்றே தோன்றும். அம்மாத விளம்பரத்தின் மேல் பழி விழும். அந்த விளம்பரம் நிறுத்தப்படவும் கூடும். ஆனால் 64, 55, 52, 48 என்ற நான்கு எண்களையும் விரலால் தொட்டுக்கொண்டே மேலேறினால், நான்கும் அக்டோபரில் வசூலானவை என்று புரியும். அக்டோபரில் புதிதாகச் சேர்ந்தவர்கள் புதிய முறையில் பதிவு செய்துகொண்டே வந்தார்கள். ஆகவே அவர்கள் வரிசை அடிபடவில்லை.

கண்ணால் கண்டதை உறுதிப்படுத்த ஒரு எளிய கணக்கு உண்டு. ஒவ்வொரு கட்டத்தையும் அதன் இடப்பக்கக் கட்டத்தால் வகுத்து இன்னொரு முக்கோணம் போடுங்கள். அட்டவணை விரிதாளின் A1 கட்டத்தில் தொடங்கினால், வேறோர் இடத்தில் `=IF(C2="","",C2/B2)` என்று எழுதி வலப்பக்கமும் கீழேயும் இழுத்தால் போதும். ஜூன் குழு மூன்றாம் மாதத்தில் 64/70, அதாவது 91 விழுக்காட்டினரைத் தக்கவைத்தது. ஜூலைக் குழு அதே வயதில் 52/71, அதாவது 73 மட்டுமே. அதற்கு அடுத்த கட்டமோ 49/52, ஏறத்தாழ 94. ஆகவே அடி விழுந்தது ஒரே ஒரு முறை. மூல முக்கோணத்தில் ஒரு முறை விழுந்த எண் வலப்பக்கம் முழுவதும் தாழ்ந்தே கிடப்பதால், இழப்பு தொடர்வது போன்ற மயக்கம் வருகிறது. வகுத்த முக்கோணத்தில் அந்த மயக்கம் இல்லை.

இதே வடிவில் ஒரு போலிக் கோடும் உண்டு. அதை அறியாமல் பதறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முக்கோணத்தின் வெளி விளிம்பில் இருப்பது நடப்பு மாதம். 10ஆம் தேதி பார்க்கும்போது, 25ஆம் தேதி சந்தா புதுப்பிப்பவரிடம் இன்னும் பணமே கேட்டிருக்க மாட்டோம். பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணும் நிறுவனத்தில் அந்த விளிம்பு வெளிறித் தெரியும். ரத்து செய்யாதவர்களை எல்லாம் எண்ணும் நிறுவனத்தில் அளவுக்கு மீறி அடர்ந்து தெரியும். அடுத்த மாதம் மீண்டும் பாருங்கள்: போலிக் கோடு ஒரு கட்டம் வெளியே நகர்ந்திருக்கும், உண்மையான கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். மாதம் முடியும்வரை அந்த விளிம்பை மறைத்துவிடுவது நல்லது.

முக்கோணம் எந்த மாதம் என்று மட்டுமே சொல்லும். ஏன் என்று சொல்லாது. விலையேற்றமோ, சேவைத் தடையோ இதே சாய்கோட்டை வரையக்கூடும். ஆகவே அக்டோபரில் விடுபட்டவர்களை எடுத்து, தாமே ரத்து செய்தவர்கள் ஒரு பக்கம், வங்கி மறுத்ததால் நின்றவர்கள் மறு பக்கம் எனப் பிரித்துப் பாருங்கள். இரண்டாம் பக்கத்தில் இருப்பவர்கள் விலக விரும்பியவர்கள் அல்லர். மீண்டும் பதிவு செய்வதற்கான இணைப்பை முதலில் அனுப்ப வேண்டியது அவர்களுக்குத்தான்.