ஆரஞ்சு விளக்கு எரிந்தால் அது எந்தப் பெட்டி? ஸ்டெபிலைசரையும் யுபிஎஸ்ஸையும் படத்திலேயே அறிவது

வணக்கம். இப்போது திரையில் தெரியும் படத்தை நேயர் ஒருவர் சென்ற வாரம் அனுப்பியிருந்தார். உறவினர் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த சாம்பல் நிறப் பெட்டி அது. முகப்பில் மூன்று இலக்கம் காட்டும் சிறு திரையும், பக்கத்தில் ஒரு பொத்தானும், கீழே பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என மூன்று விளக்குகளும் இருக்கின்றன. யுபிஎஸ் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். கணினிக்கு மாட்டலாமா என்று கேட்கிறார்.

படத்தைப் பெரிதாக்கி, ஆரஞ்சு விளக்கின் கீழ் உள்ள எழுத்தைப் பாருங்கள். 'டிலே' என்று இருக்கிறது. கரண்ட் வந்ததும் உடனே வெளியே விடாமல், மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை காத்திருந்து விடுகிறேன் என்பதற்கான அறிவிப்பு அது. ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் நின்ற உடனேயே மறுபடி ஓடத் தொடங்கினால், உள்ளே வாயுவின் அழுத்தம் இன்னும் சமமாகாததால் மோட்டார் திணறிச் சூடாகும். அதைத் தவிர்க்கவே இந்தக் காத்திருப்பு. பேட்டரியிலிருந்து உடனுக்குடன் மின்சாரம் தர வேண்டிய யுபிஎஸ்ஸுக்கு இது முற்றிலும் எதிரான குணம். ஆகவே இது ஸ்டெபிலைசர்தான். திரைக்கு அருகிலுள்ள பொத்தான் உள்ளே வரும் வோல்ட்டையும் வெளியே போகும் வோல்ட்டையும் மாற்றி மாற்றிக் காட்டுவதற்கானது.

யுபிஎஸ்ஸின் முகப்பில் பெரும்பாலும் அழுத்திப் பிடித்தால் இயங்கும் ஒரு பவர் பொத்தானும், பேட்டரியில் ஓடுகிறது என்பதைக் காட்டும் விளக்கும் இருக்கும். எடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் நன்றாகவே கனக்கும். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து, அணைந்துவிட்டால் ஸ்டெபிலைசர் என்று சொல்வதும் தவறாகலாம், ஏனெனில் பேட்டரி செத்துப்போன யுபிஎஸ்ஸும் அப்படியேதான் அணையும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த எண் திரைகளில் இலக்கங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிவதால், மொபைல் கேமராவில் சில கோடுகள் விடுபட்டு, 8 என்பது 6 போலவோ 0 போலவோ விழும். நான்கைந்து படம் எடுத்து ஒப்பிடுங்கள். இல்லையென்றால் நேரில் பார்த்த எண்ணை எழுதி அனுப்புங்கள். பின்புறத்து லேபிளையும் மறக்காமல் எடுங்கள், ஏனென்றால் எவ்வளவு சுமை தாங்கும் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நேயரின் பெட்டியில் 4 ஆம்பியர் என்றும், 135 முதல் 290 வோல்ட் வரை இயங்கும் என்றும் அச்சிடப்பட்டுள்ளது. அவர் வீட்டு ஃபிரிட்ஜின் லேபிளில் 1 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் மட்டும் பல மடங்கு இழுக்கும் என்பதால், இந்த இடைவெளி அவசியம். இங்கே அது போதுமான அளவில் இருக்கிறது. மாலை 7 மணிக்கு மேல், ஃபிரிட்ஜ் ஓடும்போது, உள்ளே வரும் வோல்ட்டை மூன்று நாள் குறித்துவைக்கச் சொன்னேன். மிகக் குறைந்தபட்சம் 162 வந்தது. பெட்டியின் கீழ் எல்லையான 135-க்கு மேலே இருப்பதால் கவலையில்லை. எல்லைக்குக் கீழே போயிருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து இணைப்பைத் துண்டித்திருக்கும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள புது ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் அதன் கையேட்டையும் பார்த்துவிடுங்கள். ஸ்டெபிலைசர் இன்றியே தாங்கும் வோல்ட் வரம்பு அதில் இருந்தால், உங்கள் வீட்டு வோல்ட் அதற்குள் அடங்கும் வரை இந்தப் பெட்டி தேவையே இல்லை.

இதையே கணினிக்கு மாட்டினால் என்ன ஆகும்? கரண்ட் போனதும் கணினி அணையும். திரும்பி வந்தாலும் மூன்று நிமிடம் உயிர் வராது. இதைப் பார்த்துக் கணினி பழுதாகிவிட்டது என்று பயந்து கடைக்குத் தூக்கிப் போனவர்களை எனக்குத் தெரியும். கணினியின் பவர் சப்ளைகளில் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிப்பவை. அவற்றுக்குக் குறையாக இருப்பது வோல்ட் அல்ல, கோப்பைச் சேமித்து அணைக்க ஐந்து பத்து நிமிட அவகாசம். 600 விஏ யுபிஎஸ் ஒன்றின் பின்புறத்தில் பெரும்பாலும் 360 வாட் என்றும் இருக்கும். பார்க்க வேண்டியது வாட்தான். சாதாரண மேசைக் கணினிக்கும் திரைக்கும் அது போதும்.

அந்தச் சிறிய யுபிஎஸ்ஸை ஃபிரிட்ஜுக்குத் திருப்பிவிடவும் வேண்டாம். கிளம்பும் நொடியின் இழுவையில் ஓவர்லோட் ஆகி அணையும். அணையாவிட்டாலும், பேட்டரியில் ஓடும்போது பல மலிவு மாடல்கள் தரும் படிக்கட்டு போன்ற அலையில் கம்ப்ரசர் உறுமிச் சூடாகும்.

நேயரின் பெட்டி இப்போது சமையலறையில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கணினிக்கு அவர் தனியாக யுபிஎஸ் வாங்கப் போகிறார்; வாங்கும் முன் பின்புற லேபிளின் படத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.