ஒரு ஹெக்டேர் காட்டின் விலை

நண்பர்களே, வணக்கம். திட்ட அறிக்கை எழுதிப் பிழைத்தவன் நான். அணை, சாலை, சுரங்கம் என்று எது வந்தாலும் இவ்வளவு செலவு, இவ்வளவு வரவு என்று அட்டவணை போட்டுக் கொடுப்பது என் வேலை. அந்த அட்டவணையில் சுற்றுச்சூழல் சேதத்துக்கென்று ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரி எப்படி வந்தது, அதை எப்படி நிரப்புகிறோம் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

கதை நம் நீலகிரியில் தொடங்குகிறது. கூடலூர்ப் பக்கம் காட்டு மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்க வேண்டும் என்று நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு வட்டாரத்து மரவெட்டு வழக்கு, வருடக்கணக்கில் வளர்ந்து நாட்டின் காடுகள் முழுவதையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. 2002இல் நீதிமன்றம் ஒரு கேள்விக்கு வந்து சேர்ந்தது. காட்டு நிலத்தைச் சுரங்கத்துக்கோ அணைக்கோ எடுப்பவர், பதிலுக்கு வேறிடத்தில் மரம் நட்டால் மட்டும் போதுமா? நட்ட கன்று காடாக நாற்பது, ஐம்பது வருடம் ஆகும். அதுவரை இழந்த தண்ணீர், விறகு, தீவனம், மண் பாதுகாப்பு இதற்கெல்லாம் யார் கணக்கு? அதற்கும் பணம் கட்டு என்றது நீதிமன்றம். அந்தத் தொகைக்குப் பெயர் நிகர நிகழ்கால மதிப்பு. அலுவலகத்தில் எல்லோரும் என்.பி.வி. என்றுதான் சொல்வோம்.

விலையை யார் வைப்பது? பொருளாதார அறிஞர் காஞ்சன் சோப்ரா தலைமையில் 2005இல் ஒரு குழு அமைந்தது. அதன் அறிக்கை பரிசீலிக்கப்பட்டு, 2008 மார்ச்சில் நீதிமன்றம் விலைப்பட்டியலை உறுதி செய்தது. காடுகளை ஆறு வகையாகவும், ஒவ்வொரு வகையையும் அடர்த்தியை வைத்து மூன்றாகவும் பிரித்தார்கள். ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர், குறைந்தது 4.38 லட்சம் ரூபாய், அதிகம் 10.43 லட்சம். சரணாலயம் என்றால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்கா என்றால் பத்து மடங்கு. இந்த ஐந்தும் பத்தும் எந்த மதிப்பீட்டிலிருந்தும் வந்தவை அல்ல, ‘உள்ளே வராதே’ என்பதற்குப் போட்ட வேலி. என் பார்வையில் பட்டியலிலேயே நேர்மையான பகுதி அதுதான்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்துவதாகத்தான் பேச்சு. திருத்தம் வந்தது 2022 ஜனவரியில். பதினான்கு வருடத்தில் உச்ச விலை 10.43 லட்சத்திலிருந்து 15.95 லட்சமாக, ஒன்றரை மடங்காகத்தான் ஏறியது. அதே காலத்தில் கடைச் சாமான் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. அரிசியோடு ஒப்பிட்டால் காடு மலிந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, இந்த எண் எப்படி உருவாகிறது? காடு வருடாவருடம் ஏதோ ஒன்றைத் தருகிறது. அதற்கு ஒரு மதிப்பு போட்டு, வரப்போகும் வருடங்களின் மதிப்பையெல்லாம் இன்றைய காசாக மாற்றிக் கூட்ட வேண்டும். அடுத்த வருடம் வரும் நூறு ரூபாய் இன்றைய நூறு ரூபாய் ஆகாது, கொஞ்சம் கழித்துத்தான் எடுப்போம். எவ்வளவு கழிப்பது என்பதுதான் கழிவு வீதம். வட்டிக் கணக்கைத் திருப்பிப் போட்டதுதான் இது, வேறொன்றும் இல்லை.

ஒரு காடு வருடத்துக்கு நூறு ரூபாய் தருகிறது என்று வையுங்கள். நான்கு சதவீதம் கழித்து இருபது வருடத்துக்குக் கூட்டினால் 1,359 ரூபாய். அதே நான்கு சதவீதத்தில், காடு என்றைக்கும் இருக்கும் என்று கூட்டினால் 2,500. அதாவது இருபது வருடத்தோடு கோடு போட்டு நிறுத்தியதாலேயே கிட்டத்தட்ட பாதி காணாமல் போகிறது. பத்து சதவீதம் கழித்தால் என்றைக்குமான கணக்கே 1,000 ரூபாயில் நின்றுவிடும். காட்டில் ஒரு இலைகூட மாறவில்லை. மாறியது மேசையில் இருப்பவர் எடுத்துக்கொண்ட இரண்டு எண்கள். அதனால் யாராவது சேத மதிப்பு இத்தனை கோடி என்று நீட்டினால் முதலில் இந்த இரண்டையும் கேளுங்கள்: எத்தனை சதவீதம், எத்தனை வருடம்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விறகும் தீவனமும் இழந்தவர் காட்டோரக் கிராமத்து மனிதர். என்.பி.வி. பணம் போவது ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிக்கு. 2019இல் மத்திய அரசு அந்த நிதியிலிருந்து 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குக் கொடுத்தது. அதைச் செலவழிப்பது வனத்துறை. அட்டவணையில் சேதம் ‘ஈடு’ ஆகிவிட்டது. ஆடு மேய்த்தவருக்கு அதில் ஒரு கட்டுப் புல்லும் வராது.

இப்போது ஒரு திட்டத்தை எடுத்துப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, முறை நிஜம். நூறு ஹெக்டேர் அடர்காட்டில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம். வருடம் பத்து லட்சம் டன், இருபது வருட ஆயுள்.

சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017இல் செலவு–பயன் கணக்குக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. அதன்படி முதலில் என்.பி.வி.: உச்ச விலையில் நூறு ஹெக்டேருக்குப் பதினாறு கோடி. வாழிடம் துண்டாவதற்கு என்.பி.வி.யில் பாதி, அதாவது எட்டு கோடி. நிலத்தின் உடைமை மதிப்புக்கு முப்பது சதவீதம், கிட்டத்தட்ட ஐந்து கோடி. கால்நடைத் தீவன இழப்புக்குப் பத்து சதவீதம், ஒன்றரைக் கோடி. எல்லாம் சேர்த்து சுமார் முப்பது கோடி.

யானை வழித்தடத்தின் நடுவே நூறு ஹெக்டேர் போனாலும் துண்டாவதற்கு எட்டு கோடிதான். ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் நூறு ஹெக்டேர் போனாலும் அதே எட்டு கோடிதான். சராசரி ஹெக்டேருக்கு விலை வைத்தால் இப்படித்தான் ஆகும். சேதம் சராசரியில் நடப்பதில்லை, ஒரு குறிப்பிட்ட ஓடையில், ஒரு குறிப்பிட்ட கணவாயில் நடக்கிறது.

இனி பயன் பக்கம். டன் 1,500 ரூபாய் என்றால் வருடம் 150 கோடி. எட்டு சதவீதம் கழித்து இருபது வருடத்துக்கு 1,473 கோடி. செலவு முப்பது, பயன் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம், ஒன்றுக்கு ஐம்பது! இப்படி எழுதிய அறிக்கைகளை என் கையாலேயே புரட்டியிருக்கிறேன். அப்புறம் கீழே இன்னொரு வரி, ‘வேலைவாய்ப்புப் பயன்’ என்று சம்பளம் முழுவதையும் கூட்டியிருப்பார்கள்.

தப்பு எங்கே? 150 கோடி விற்பனைப் பணம், பயன் இல்லை. டீசல், இயந்திரம், வெடிமருந்து, சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். டன்னுக்கு 1,100 ரூபாய் செலவென்றால் மிஞ்சுவது வருடம் நாற்பது கோடி. சம்பளம் அந்தச் செலவுக்குள் இருக்கிறது. அதை முழுதாகப் பயனில் சேர்ப்பது ஒரே மாட்டை இரண்டு சந்தையில் விற்பது. அந்த ஆள் வேறு வேலையில் வாங்கியிருக்கக்கூடிய கூலிக்கு மேல் எவ்வளவு கிடைக்கிறதோ, அந்த வித்தியாசத்தை வேண்டுமானால் சேர்க்கலாம். நாற்பது கோடியை இருபது வருடத்துக்குக் கழித்துக் கூட்டினால் 393 கோடி. முதலீடு 250 கோடியைக் கழித்தால் 143 கோடி. அதில் காட்டுக்கான முப்பதைக் கழித்தால் 113 கோடி. இன்னும் லாபம்தான். ஆனால் ஒன்றுக்கு ஐம்பது எங்கே, இது எங்கே?

அந்தப் பட்டியலில் இல்லாதவை இன்னும் வெளியே நிற்கின்றன. குழியிலிருந்து தண்ணீரை இறைத்தால் சுற்றுக் கிணறுகளின் மட்டம் இறங்கும், லாரி போகும் சாலையோரம் தூசி படியும். எல்லாவற்றையும் விடப் பெரியது நிலக்கரியை எரித்தால் வரும் புகை. நம் நாட்டு நிலக்கரி ஒரு டன் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை டன் கரியமில வாயு வரும். பத்து லட்சம் டன்னுக்குப் பதினைந்து லட்சம் டன்.

இதற்கு என்ன விலை போடுவது? அமெரிக்க அரசையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்பின் முதல் ஆட்சியில் ஒரு டன்னுக்கு ஒன்றிலிருந்து ஏழு டாலர். 2021இல் 51 டாலர். 2023இல் அவர்களுடைய சுற்றுச்சூழல் முகமை சொன்னது 190 டாலர். குறைந்த எண், அமெரிக்காவுக்குள் நடக்கும் சேதத்தை மட்டும் எண்ணி, மூன்றும் ஏழும் சதவீதம் கழித்தது. 190 என்பது உலகம் முழுக்க எண்ணி, இரண்டு சதவீத அளவில் கழித்தது. மறுபடியும் அதே மேசை, அதே பேனா.

இப்படி விலை அலைபாயும் இடத்தில் ஜான் க்ருட்டில்லா என்ற பொருளாதாரர் கையாண்ட வழி எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவின் ஸ்னேக் நதியில், ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கில் அணை கட்டலாமா என்ற தகராறு. பள்ளத்தாக்கின் மதிப்பு என்ன என்று அவர் மல்லுக்கட்டவில்லை. கேள்வியைத் திருப்பிப் போட்டார்: அணை வேண்டாம் என்று ஆக, பள்ளத்தாக்கு முதல் வருடத்தில் குறைந்தது எவ்வளவு பயன் தந்தால் போதும்? அவரும் உடன் இருந்தவர்களும் போட்ட கணக்கில் வந்தது சுமார் 80,000 டாலர். அங்கே வருகிறவர்களின் பொழுதுபோக்குப் பயனே ஒன்பது லட்சம் டாலர் அளவில் இருந்தது. மின்சாரத்துக்கு வேறு வழி வரவர மலியும், அதுபோன்ற பள்ளத்தாக்கோ வரவர அரிதாகும் என்பதையும் கணக்கிலேயே ஏற்றியிருந்தார். அணை வரவில்லை, 1975இல் அந்த இடம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது.

அதே கேள்வியை நம் சுரங்கத்துக்குக் கேட்போம். கையில் மிச்சம் 113 கோடி. அதே எட்டு சதவீதக் கழிவோடு இருபது வருடத்துக்குப் பிரித்தால் வருடம் பதினொன்றரைக் கோடி. அதைப் பதினைந்து லட்சம் டன் புகைக்குப் பங்கிட்டால் டன்னுக்கு 77 ரூபாய். ஒரு டாலர்கூட இல்லை! ஒரு டன் புகையின் சேதம் 77 ரூபாயைத் தாண்டினால் இந்தச் சுரங்கம் நஷ்டம். 51 சரியா 190 சரியா என்ற சண்டைக்கு இங்கே வேலையே இல்லை.

இந்த இடத்தில் சுரங்கக்காரர் கையைத் தூக்குவார். நான் தோண்டாவிட்டால் மின்நிலையம் வேறெங்கிருந்தாவது நிலக்கரி வாங்கி எரிக்கும், புகையை ஏன் என் தலையில் கட்டுகிறீர்கள் என்பார். நியாயமான கேள்வி. மின்நிலையத்தின் கணக்கில் ஏற்கெனவே ஏற்றியிருந்தால் இங்கே மறுபடி ஏற்றக் கூடாது என்பதும் சரி. ஆனால் அவர் சொல்வதை ஏற்றுக்கொண்டால் பயன் பக்கத்தையும் திருத்த வேண்டும். நிலக்கரி எப்படியும் கிடைக்கும் என்றால், இந்தச் சுரங்கத்தால் நாட்டுக்குக் கிடைப்பது அந்த நிலக்கரியின் மதிப்பு அல்ல. வெளியே வாங்கும் விலைக்கும் இங்கே தோண்டும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். அந்த வித்தியாசம் டன்னுக்கு 400 ரூபாயா, 100 ரூபாயா? நூறு என்றால் வருடம் பத்துக் கோடி, இருபது வருடத்துக்கு 98 கோடி. முதலீடு 250 கோடி. புகையை விடுங்கள், காட்டுக்கான அந்த முப்பது கோடியைத் தொடுவதற்கு முன்பே கணக்கு படுத்துவிடுகிறது.