புகைப்புரையில் ஒரு முள்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடத்துக்கு மேலாக டயல் வைத்த வெப்பமானிகளைப் பழுது பார்த்தவன் நான். நம் மாவட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைகளில் சுவரில் ஒன்று குத்தி வைத்திருப்பார்களே, வட்ட முகம், பின்னால் ஒரு நீளத் தண்டு, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

அந்தத் தண்டுக்குள் பாதரசமும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. ஒரு தகட்டுச் சுருள் மட்டும்தான். இரண்டு உலோகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரிக்க முடியாதபடி ஒட்டிய தகடு அது. ஒன்று பித்தளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது இன்வார், அதாவது 36 சதவீதம் நிக்கல் கலந்த இரும்பு. ஒரு மீட்டர் பித்தளைக் கம்பி 50 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நீளும். இன்வார் அதில் பத்தில் ஒரு பங்குகூட நீளாது. இரட்டை மாட்டு வண்டியில் வலது மாடு எட்டி நடந்து இடது மாடு தயங்கினால் வண்டி இடப்பக்கம் திரும்புமல்லவா? அதே கதைதான். பித்தளை எட்டி நடக்கிறது, இன்வார் தயங்குகிறது, தகடு இன்வார் பக்கமாக வளைகிறது. குட்டையான நேர்த்தகடாக இருந்தால் வளைவு கொஞ்சமாகத்தான் இருக்கும். அதனால் நீளத் தகட்டைச் சுருளாகச் சுற்றி, ஒரு முனையைத் தண்டின் அடியில் பூட்டி, மறுமுனையை ஒரு மெல்லிய கம்பியில் இணைக்கிறார்கள். சூடு ஏற ஏறச் சுருள் முறுக்கிக்கொள்ளும், கம்பி திரும்பும், முள் நகரும்.

சரி, குலசேகரம் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிறு தோட்டக்காரர் வந்தார். "அண்ணாச்சி, ஷீட்டு முழுக்க குமிழு குமிழா வருது. முள்ளு அம்பத்தஞ்சுலதான் நிக்கிது" என்றார். புகைப்புரை 60 டிகிரியைத் தாண்டினால் ஷீட்டில் குமிழ் விழும், இது அவருக்கும் தெரியும். முள்ளைப் பார்த்தால் தாண்டவில்லை. குமிழைப் பார்த்தால் தாண்டியிருக்கிறது.

நேரில் போய் முதலில் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தேன். தட்டும்போது முள் துள்ளி வேறு இடத்தில் நின்றால் உள்ளே துருவோ அழுக்கோ கம்பியைப் பிடிக்கிறது என்று அர்த்தம். இது அசையவில்லை. அப்புறம் கழற்றி, பொடித்த ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் தண்டை ஆழமாக இறக்கினேன். சுருள் தண்டின் அடிப்பக்கத்தில் இருப்பதால் நுனியை மட்டும் நனைத்தால் போதாது. இன்னொன்று, மீன் கடை ஐஸ் வேண்டாம். உப்பு பட்டிருந்தால் அது பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் முள் பூஜ்யத்துக்கும் நான்கு கோடு கீழே. கோட்டுக்கு 2 டிகிரி, ஆக 8 டிகிரி குறைவு. கொதிக்கிற தண்ணீரில் 92. அங்கேயும் அதே 8. அப்படியானால் முள் 55 காட்டிய இரவுகளில் உள்ளே 63 இருந்திருக்கிறது.

ஏன் அப்படி? விசாரித்தபோது சொன்னார், ஒருநாள் காய்ந்த விறகு குபீரென்று பிடித்து, புகைக்குழாய் வாய்ப்பக்கம் இருந்த முள் 120-ஐயும் கடந்து முட்டி நின்றதாம். அதுதான் காரணம். அளவு மீறிச் சூடாகும்போது, நீளத் துடிக்கும் பித்தளையை இன்வார் விடாமல் பிடிக்கிறது. ஒட்டிய இடத்தில் பித்தளை நசுங்கி நிரந்தரமாகக் குறுகிவிடுகிறது. ஆறிய பிறகு சுருள் பழைய இடத்துக்கு வராமல் அதற்கும் பின்னால் போய் நிற்கிறது. அதனால்தான் சூடு பட்ட முள் பெரும்பாலும் குறைவாகக் காட்டும். குறைவாகக் காட்டினால் நாம் என்ன செய்வோம்? இன்னும் விறகு போடுவோம். மறுபடியும் சொல்கிறேன், குறைவாகக் காட்டும் முள்தான் ஷீட்டைக் கெடுக்கும்.

இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிழை இருந்ததால் பின்பக்கத் திருகைத் திருப்பி ஐஸில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன், கொதிநீரில் 100 தானாக வந்தது. ஐஸில் 8, கொதிநீரில் 3 என்று வேறுவேறாக வந்திருந்தால் திருகு உதவாது, புதிதுதான் வாங்க வேண்டும். தண்டையும் குழாய் வாயிலிருந்து தள்ளி, ஷீட் தொங்கும் உயரத்துக்கு மாற்றினோம்.

சூடு படாமலும் முள் விலகும். தகட்டை உருட்டிச் சுற்றும்போது உள்ளே தங்கிய இறுக்கம் மாதக்கணக்கில் மெல்லத் தளரும். நல்ல தயாரிப்பாளர்கள் அனுப்பும் முன்பே பலமுறை சூடேற்றி ஆற்றி அதைத் தளர்த்திவிடுவார்கள். இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. அங்கேயும் இதே தகடுதான், முள்ளுக்குப் பதிலாக மின்தொடர்பைப் பிரிக்கிறது. தொடர்புமுனை ஒவ்வொரு 'டக்'கிலும் தீப்பொறியில் கொஞ்சம் அரிக்கும். அதனால் அங்கே தகடு சரியாக இருந்தும் சூடு மாறலாம். நன்றி, வணக்கம்.