குப்பை எழுத்து, கறுப்புப் புள்ளி: பிரிண்டர் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது?

வணக்கம் மக்களே. இன்னிக்கு பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு டியூஷன் சென்டருக்கு வந்திருக்கேன். இங்க இருக்கிறது கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். டீச்சர் அக்கா ரெண்டு குறை சொல்றாங்க. வினாத்தாள் அனுப்பினா, புரியாத இங்கிலீஷ் வரியா பக்கம் பக்கமா கொட்டுது. அதோட, எந்தத் தாள் வந்தாலும் வலது ஓரத்துல கறுப்புப் புள்ளி. முன்னாடி பார்த்தவரு மிஷின் உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டு போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தாள் எடுத்துப் பார்த்துடலாம்.

முதல்ல பின்னாடி நெட்வொர்க் கேபிளைக் கழட்டுறேன். இப்ப எந்தக் கம்ப்யூட்டரும் இதோட பேச முடியாது. பிரிண்டர் மெனுவுல `Reports` போயி, `Configuration Report` அழுத்துறேன். திரை இல்லாத சின்ன மிஷின்னா ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்கணும். எந்தப் பட்டன், எவ்வளவு நேரம்ங்கிறது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பாருங்க.

இந்தத் தாளை பிரிண்டர் தன் மெமரியில இருந்து தானே தயார் பண்ணுது. டிரைவர், கேபிள், விண்டோஸ் எதுவுமே இதுல இல்ல. விண்டோஸ்ல வர்ற `Print Test Page` வேற விஷயம், அது டிரைவர் வழியாத்தான் வருது. நிறைய பேர் ரெண்டையும் ஒன்னுன்னு நினைச்சுக் குழம்பிடறாங்க.

இதோ தாள் வந்துடுச்சு. கிட்டக்க காட்டுறேன், பாருங்க. எழுத்தெல்லாம் சுத்தமா இருக்கு, ஒரு குப்பை வரி கூட இல்ல. ஆனா வலது ஓரத்துல புள்ளி அப்படியே இருக்கு. கம்ப்யூட்டரே இல்லாம வந்த தாள்ல புள்ளி வருதுன்னா, அது மிஷினோட கோளாறுதான். குப்பை எழுத்து, கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற வழியில எங்கேயோ பிறக்குது. ரெண்டுக்கும் ஒன்னுக்கொன்னு தொடர்பே இல்ல.

புள்ளியை முதல்ல முடிச்சிடலாம். ரூலரை வச்சு ஒரு புள்ளியில இருந்து அதுக்கு நேர் கீழ இருக்கிற அடுத்த புள்ளிக்கு அளக்குறேன். 75 மில்லிமீட்டர். அடுத்ததுக்கும் அதே 75. இப்படி ஒரே இடைவெளியில திரும்பத் திரும்ப வந்தா, சுத்துற ஏதோ ஒரு உருளையில காயம் இருக்கு. எந்த உருளைன்னு சுற்றளவு சொல்லிடும். இந்த மிஷின்ல டிரம் 24 மில்லிமீட்டர் விட்டம், 3.14-ஆல பெருக்கினா 75. டிரம் டோனர் கேட்ரிட்ஜ் உள்ளேயே இருக்கிற மாடல் இது. வேற கேட்ரிட்ஜ் போட்டு அதே ரிப்போர்ட்டை எடுக்குறேன். புள்ளி இல்ல, பாருங்க. உங்க மிஷின்ல இடைவெளி வேற மாதிரி வந்தா, சர்வீஸ் மேனுவல்ல உருளைக்கு உருளை அளவு போட்டிருப்பாங்க, அதோட ஒப்பிடுங்க.

ஒன்னு கவனிங்க. இந்த ரிப்போர்ட்ல வெள்ளை இடம்தான் அதிகம், அதனால கறுப்புப் புள்ளி பளிச்சுன்னு தெரியும். கெட்டிக் கறுப்புக்குள்ள வர்ற வெள்ளைக் கோடு இதுல தெரியாமப் போயிடலாம். அந்தக் குறைன்னா, கறுப்புப் பட்டை இருக்கிற பக்கத்தை மெனுவுல தேடி எடுங்க.

சரி, குப்பை எழுத்து. ரிப்போர்ட்லயே `Personalities`னு ஒரு வரி இருக்கு. இந்த பிரிண்டருக்கு என்னென்ன மொழி புரியும்ங்கிற பட்டியல் அது. இதுல PCL மட்டும்தான் இருக்கு, PS இல்ல. இப்ப அக்கா வச்சிருக்கிற குப்பைத் தாளை எடுங்க. முதல் வரி என்ன?

```
%!PS-Adobe-3.0
```

இது போஸ்ட்ஸ்கிரிப்ட், அதாவது பட்டியல்ல இல்லாத அந்த PS மொழி. தெரியாத மொழியில கட்டளை வந்தா, பிரிண்டர் அதை வெறும் எழுத்துன்னு நினைச்சு அப்படியே அச்சடிச்சுடும். புது லேப்டாப்ல டிரைவர் போடறப்ப யாரோ PS-ஐத் தேர்ந்தெடுத்திருக்காங்க. `Printer properties`, `Advanced`, அங்க `Driver` பெட்டியில PCL டிரைவருக்கு மாத்துறேன். வரிசையில நிக்குற பழைய வேலையெல்லாம் அழிக்கணும், இல்லன்னா கேபிளை மாட்டினதும் மறுபடி கொட்டும்.

கேபிளை மாட்டி வினாத்தாளை அனுப்பறேன். வந்துடுச்சு, கணக்குப் பாடம், படம் முதற்கொண்டு ஒழுங்கா இருக்கு. சர்க்யூட் போர்டு நல்லாத்தான் இருக்கு அக்கா, அதைத் தொடவே வேணாம்.

உங்க இடத்துல டிரைவர் சரியா இருந்தும் குப்பை வந்தா, அந்தத் தாளை உத்துப் பாருங்க. பாதி ஒழுங்கா வந்து, நடுவுல கண்ட குறியா உடைஞ்சா, கேபிளையும் அது மாட்டுற போர்ட்டையும் சந்தேகப்படுங்க. ரிப்போர்ட் சுத்தமா வந்ததால அந்தக் கேபிள் போர்ட் நல்லா இருக்குன்னு ஆயிடாது, அந்தத் தாள் அந்த வழியா வரவே இல்லையே. வேற கேபிள் போட்டு, வேற கம்ப்யூட்டர்ல இருந்து அதே கோப்பை அனுப்புங்க. அப்பவும் அதே மாதிரி உடைஞ்சா, மிஷினைத் திறக்கலாம்.